கறுப்புப் பட்டை போட்டால் மறைந்துவிடாது

போன வாரம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், வெளியே அனுப்ப வேண்டிய புகார் ஒன்றின் பிடிஎஃப் வரைவைக் கொண்டுவந்தார். "எல்லாத்தையும் மறைச்சிட்டேன் சார், ஒரு தடவை பாத்துடுங்க." புகார் கொடுத்தவரின் பெயர், கைபேசி எண், பணியாளர் எண் எல்லாவற்றின் மேலும் கச்சிதமாகக் கறுப்புப் பட்டை. நான் ஒரு பட்டையின் மேல் மவுஸை இழுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டினேன். பெயர் முழுசாக வந்து நின்றது. அவர் முகம் போன போக்கில் என் பழைய முகத்தைத்தான் பார்த்தேன்.

தவறான ஆளுக்கு அனுப்புவது, ஸ்கிரீன்ஷாட்டின் மேல்பட்டையில் வந்து விழும் மெசேஜ் அறிவிப்பு, பக்கத்து டேபின் தலைப்பு இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. விட்டுவிடுகிறேன்.

எழுத்தின் மேல் பட்டை வரைவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தீராத தவறு இதுதான். சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு புகாரை, யார் மேல் புகாரோ அவருக்கே பதில் கேட்டு அனுப்பினேன். நான்கு பக்கம், பதினோரு இடத்தில் பெயர், பதினோரு பட்டை. அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அதில் விளக்கம் எதுவும் இல்லை, புகார் கொடுத்தவரின் பெயர் மட்டும் இருந்தது, பின்னால் ஒரு கேள்விக்குறியோடு. அவர் எந்த வித்தையும் செய்யவில்லை. ஒரு பத்தியை மேற்கோள் காட்டலாம் என்று நகலெடுத்து ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான். பெயர் வெளியே வராது என்று நான் வாக்குக் கொடுத்திருந்த மனிதரிடம் அன்று சாயங்காலம் போய் நின்றதை இங்கே எழுத விரும்பவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? பிடிஎஃப் பக்கம் என்பது காகிதம் மாதிரி ஒரே தளம் இல்லை. உள்ளே வரிசையாகக் கட்டளைகள் இருக்கின்றன: இந்த இடத்தில் இந்த எழுத்துகளைப் போடு, அந்த இடத்தில் ஒரு கோடு வரை என்று. நாம் பட்டை வரையும்போது "இங்கே ஒரு கறுப்புச் செவ்வகம் வரை" என்று இன்னொரு கட்டளை சேர்கிறது. முந்தைய எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கண் மேலே இருக்கும் கறுப்பைப் பார்க்கிறது. நகலெடுப்பதும் தேடுவதும் கீழே இருக்கும் எழுத்தைப் படிக்கின்றன. வேர்டில் எழுத்துக்குக் கறுப்பு ஹைலைட் போட்டு பிடிஎஃப் ஆக்கினாலும் கதை இதேதான்.

இதில் மாட்டிக்கொள்வது புதியவர்கள் மட்டும் இல்லை. 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்திலும் இதே மாதிரி பட்டைகள். செய்தியாளர்கள் நகலெடுத்து ஒட்டிப் படித்துவிட்டார்கள்.

சோதிப்பது சுலபம். அனுப்பப்போகும் அதே கோப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C அடித்து, வெற்று நோட்பேடில் Ctrl+V போடுங்கள். வந்து விழுவதை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். கட்டளைவரி பழக்கம் உள்ளவர்களுக்கு:

```
pdftotext varaivu.pdf - | less
```

பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, வரவில்லை என்றதும் நிம்மதி அடைவதுதான் அடுத்த சறுக்கல். தமிழ் பிடிஎஃப்களில் எழுத்துகள் பல நேரம் உடைந்தே வெளியே வரும். கொம்பு முன்னால் தாவும், கால் தனியே நிற்கும். "கோமதி" என்று தேடினால் கிடைக்காது. ஆனால் உடைந்த வடிவத்தைக் கண்ணால் பார்க்கிறவருக்குப் புரியாமலா போகும்? எண்ணும் அப்படித்தான், நடுவில் இடைவெளியோ வரிமாற்றமோ இருந்தால் தேடலில் சிக்காது. அதனால் தேடாதீர்கள், படியுங்கள்.

நோட்பேடில் எதுவுமே வரவில்லை என்றால் பக்கம் வெறும் படமாக இருக்கலாம். ஸ்கேன் செய்ததெல்லாம் படம்தானே என்று நம்பியும் இருக்க முடியாது. பல ஸ்கேன் செயலிகள் தேடுவதற்கு வசதியாக, படித்தறிந்த எழுத்தைக் கண்ணுக்குத் தெரியாத அடுக்காகப் படத்தோடு சேர்த்துவிடுகின்றன. படத்தில் பட்டை போட்டாலும் அந்த அடுக்கில் பெயர் அப்படியே இருக்கும்.

சரியான வழி, மூல ஆவணத்துக்குத் திரும்பிப் போவது. அதன் ஒரு பிரதியில் பெயரை அழித்துவிட்டு "[நீக்கப்பட்டது]" என்று எழுதுங்கள். அதிலிருந்து புதிதாக பிடிஎஃப் எடுங்கள். வேர்டில் மாற்றங்களைப் பதியும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் எல்லா மாற்றங்களையும் ஏற்றுக்கொண்டு அதை அணையுங்கள், இல்லாவிட்டால் அழித்த பெயர் சிவப்புக் கோடோடு கூடவே போகும். எல்லாப் பட்டையையும் ஒரே அகலத்தில் போட வேண்டுமே என்ற தலைவலியும் இதில் இல்லை. பட்டையின் நீளத்தை வைத்தே நாலு பேரில் யார் என்று ஊகிக்கிறவர்கள் உண்டு.

மூலம் கையில் இல்லை, பிடிஎஃப் மட்டும்தான் என்றால் அக்ரோபேட் புரோவில் Redact இருக்கிறது. அதில் குறிப்பது ஒரு வேலை, Apply கொடுப்பது இன்னொரு வேலை. குறித்ததோடு சேமித்து அனுப்பினால் எதுவும் நீங்கியிருக்காது. அந்தக் கருவியும் இல்லையா? பட்டை போட்ட பக்கங்களைத் திரையில் படம் பிடித்து, அந்தப் படங்களை மட்டும் அனுப்புங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கீழே எழுத்து இருக்காது.

கைபேசிப் பேனா

ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணை மறைக்கப் பலரும் ஹைலைட்டரைக் கறுப்பாக்கித் தீட்டுகிறார்கள். அது கொஞ்சம் ஊடுருவித் தெரியும் மை. படத்தின் வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் கூட்டிப் பாருங்கள், இலக்கங்கள் எழும்பி வரும். உள்ளே நிறம் நிரப்பிய செவ்வகம் போடுங்கள்.

மங்கலாக்குவது, கட்டம் கட்டமாக்குவது

வேண்டாம்.

வெட்டிவிட்டோம் என்ற நம்பிக்கை

வேர்டில் ஒட்டிய படத்தை ஓரம் வெட்டினால், வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும். பெறுகிறவர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் திரும்ப வந்துவிடும். Compress Pictures-க்குள் Delete cropped areas of pictures என்று ஒரு தேர்வு உண்டு, அதைக் கொடுக்க வேண்டும். படத்தை வெளியிலேயே வெட்டி, புதுக் கோப்பாகச் சேமித்து, பிறகு ஒட்டுவது இன்னும் நிம்மதி. 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் கைபேசிகளின் Markup கருவியில் ஒரு ஓட்டை வெளியானது. வெட்டிய படம் பழைய கோப்பின் மேலேயே எழுதப்பட்டு, பழையதன் வால்பகுதி அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வெட்டியதில் ஒரு பங்கை மீட்க முடிந்தது. அந்த ஓட்டையைப் பிறகு அடைத்துவிட்டார்கள். அதற்குமுன் அனுப்பிய படங்கள் போன இடத்தில்தான் இருக்கின்றன.

எக்ஸெல்லில் மறைத்த நெடுவரிசை

வலது கிளிக், Unhide. தீர்ந்தது.

கோப்பின் பெயர்

அதையும் படியுங்கள்.

பெயர் இல்லாமலே ஆளைக் காட்டுவது

அந்தப் பெண் மூலத்துக்குப் போய் எல்லாவற்றையும் நீக்கி, புது பிடிஎஃப் எடுத்து வந்தார். நோட்பேடில் ஒட்டிப் படித்தோம். பெயர் இல்லை, எண் இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "பிரசவ விடுப்பு முடிந்து சென்ற மாதம் பணிக்குத் திரும்பிய நான்". அந்தப் பிரிவில் அப்படித் திரும்பியவர் ஒருவர்தான். இதை எந்தத் தேடலும் காட்டாது, அந்த இடத்து ஆட்களைத் தெரிந்தவர் உட்கார்ந்து படித்தால்தான் கண்ணில் படும். வரியை நீக்கினால் புகாரின் நியாயமே பலவீனமாகிவிடுமோ என்று அவருக்குத் தயக்கம். எனக்கும் சட்டென்று முடிவு சொல்ல முடியவில்லை. கடைசியில் புகார் கொடுத்தவரையே கூப்பிட்டு, அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்தோம். அவர் படித்துப் பார்த்து, அந்த ஒரு வரியை அவரே கோடு போட்டு அடித்தார்.