கலையாத பெட்டிப் படம்

கிளிநொச்சியில் எங்கள் தோட்டக் கிணற்று மோட்டருக்கு நிரல் எழுதியபோது, இணைப்புப் படத்தை நிரலுக்குள்ளேயே குறிப்பு வரிகளாக, எழுத்துக் குறிகளால் வரைந்தேன். வவுனியாவில் இருக்கும் அண்ணாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினால், பெட்டிகளின் வலப்பக்கக் கோடுகள் எல்லாம் விலகிக் கிடந்தன.

முதலில் டேப் விசையால் விட்ட இடங்களை எடுத்துவிட்டு வெறும் இடைவெளி வைத்தேன். அப்புறமும் சரிவரவில்லை. கோளாறு பெட்டிக்குள் இருந்த தமிழ்ச் சொற்களில்தான். ‘கி’ கண்ணுக்கு ஒரு எழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடு. சம அகல எழுத்துருவிலும் தமிழெழுத்துகள் ஒரே அகலத்தில் நிற்பதில்லை. ஆகவே பெட்டிக்குள் ஒற்றை ஆங்கில எழுத்து, விளக்கம் கீழே:

```
// +---+    +---+    +---+
// | A |--->| B |--->| C |
// +---+    +---+    +---+
// A கிணறு, B மோட்டர், C தாங்கி
```

மின்னஞ்சலில் மட்டும், படிப்பவரும் சம அகல எழுத்துருவில் திறக்க வேண்டும். அண்ணா அப்படித் திறந்ததும் கோடுகள் நேராக நின்றன.