ஒரு கிண்ணம் பாப்கார்னில் எத்தனை கலோரி? தியேட்டரும் வீடும்

முதலில் கிண்ணத்தை அளந்துகொள்ளுங்கள். 240 மில்லி கப்பால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூன்று கப் பிடிக்கும் கிண்ணம் என்று வைத்துக்கொள்வோம்.

தியேட்டர் கணக்குக்கு அமெரிக்கா போகலாம். அங்கே சி.எஸ்.பி.ஐ. என்ற நுகர்வோர் அமைப்பு 2009-இல் ரீகல் தியேட்டர்களின் பாப்கார்னைச் சோதித்தது. மீடியம் அளவில் சுமார் 20 கப், 1,200 கலோரி. மேலே ஊற்றும் வெண்ணெய் தனி. கப்புக்கு 60, நம் கிண்ணத்துக்கு 180.

இனி வீட்டுக் கணக்கு.

1. தராசில் 50 கிராம் பாப்கார்ன் சோளம் எடுங்கள். இதில் சுமார் 190 கலோரி.

2. அடிகனமான பாத்திரத்தில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விடுங்கள். எந்த எண்ணெயானாலும் டீஸ்பூனுக்கு ஏறக்குறைய 40 கலோரிதான், தேங்காய் எண்ணெய் உட்பட. ஆக 80. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். ஏன் என்பது கீழே வரும்.

3. மிதமான தீயில் மூன்று மணிகளை மட்டும் போட்டு மூடுங்கள். அவை வெடித்தால் எண்ணெய் சூடாகிவிட்டது. அப்புறம் மீதியைப் போட்டு, மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். நீராவி வெளியேறாவிட்டால் பொரி சவசவவென்று ஆகிவிடும். பாத்திரத்தை அவ்வப்போது குலுக்குங்கள்.

4. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று விநாடி இடைவெளி வந்ததும் அடுப்பை அணையுங்கள். இன்னும் காத்திருந்தால் அடியில் கருகும்.

5. வெடிக்காத மணிகளைப் பொறுக்கி எடை போடுங்கள். ஐந்தாறு கிராம் இருந்தால் 20 கலோரியைக் கழிக்கலாம். கால்வாசி சோளம் வெடிக்காமல் கிடந்தால், தீ சரியாக இருந்தும் அப்படியானால், சோளம் பழசு. மணிக்குள் இருக்கும் சுமார் 14 சதவீத ஈரம் ஆவியாகித்தான் அதை வெடிக்க வைக்கிறது. அது காய்ந்துபோனால் எண்ணெயைக் கூட்டியும் பயனில்லை.

6. பொரிந்ததைக் கப்பால் அளந்து மொத்தக் கலோரியை வகுங்கள். ஆறு கப் வந்தது என்றால் 250-ஐ ஆறால் வகுக்க, கப்புக்கு சுமார் 42. நம் கிண்ணத்துக்கு 125.

தியேட்டரோடு ஒப்பிட்டால் கிண்ணத்துக்கு 55 கலோரிதான் குறைவு. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும், உண்மைதான். தியேட்டரில் அடிவாங்குவது வாளியின் அளவால். அங்கே யாரும் மூன்று கப்போடு நிறுத்துவதில்லை.

இப்போது பாட்டில் விஷயம். அளக்காமல் ஊற்றினால் இரண்டு மேசைக்கரண்டி விழுவது சாதாரணம். அதுவே 240 கலோரி. அதே சோளம், அதே ஆறு கப், ஆனால் மொத்தம் 410, கிண்ணத்துக்கு 205. தியேட்டரையே தாண்டிவிட்டோம்!

உப்பு, மஞ்சள்தூள் கணக்கில் சேராது. வெண்ணெய் சேரும்: பொரித்தபின் உருக்கி ஊற்றும் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 100 கலோரி, அதையும் ஆறு கப்புக்குப் பிரித்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.