சட்ட அதிகாரமின்றி வசூலித்த வரியைத் திரும்பப் பெறுவது எப்படி? கப்பல் கட்டண ஜி.எஸ்.டி.யை வைத்து ஒரு செய்முறை

அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு ஒரே வரிதான்: சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது. அப்படியென்றால் தவறாக வசூலித்ததைக் கேட்டவுடன் தந்துவிட வேண்டியதுதானே? வரித்துறையினர் தரமாட்டார்கள். "இந்த வரியை நீங்கள் வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். இப்போது எங்களிடமும் வாங்கினால் அது நியாயமற்ற ஆதாயம்" என்பார்கள். ரீஃபண்ட் கேட்டுத் தோற்பவர்களில் பலர், வரி செல்லாது என்பதை நிரூபித்துவிட்டு இந்த ஒரு கேள்வியில் விழுகிறவர்கள்.

எல்லா வரிகளையும் தொட்டுப் போகாமல் ஒரே வரியை எடுத்துக்கொள்வோம். இறக்குமதியாளர்கள் கப்பல் கட்டணத்தின் மேல் கட்டிய, ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. எனப்படும் ஐ.ஜி.எஸ்.டி. 2017இல் வந்த அறிவிக்கைகளின்படி, கப்பல் கட்டணமும் காப்பீடும் விலைக்குள்ளேயே அடங்கிய சி.ஐ.எஃப். முறையில் பொருள் வரவழைத்தவர்கள் கப்பல் கட்டணத்துக்கும் தனியாக, சேவை தந்தவருக்குப் பதில் தாங்களே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 5% கட்ட வேண்டியிருந்தது. கட்டணம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் சி.ஐ.எஃப். மதிப்பில் 10% என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சுங்கத்தில் பொருளுக்கு வரி கட்டும்போதே அந்தக் கட்டணமும் மதிப்பில் சேர்ந்துதான் இருந்தது. 2022 மே 19 அன்று மோஹித் மினரல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொருளும் சேவையும் ஒன்றாக வரும் கூட்டு வழங்கலுக்குள் இருக்கும் சேவைக்குத் தனியாக இன்னொரு வரி போட முடியாது என்று சொல்லிவிட்டது.

இனி ஒரு கற்பனை மருத்துவமனை. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், அந்தச் சேவைக்கு வாங்கும் கருவிகளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றும் 80 லட்சம் ரூபாய் சி.ஐ.எஃப். மதிப்பில் ஆறு ஸ்கேன் கருவிகளை இறக்குமதி செய்தது. ஒரு கருவிக்குக் கப்பல் கட்டணம் என்று கருதப்பட்டது 8 லட்சம், அதில் 5% என்றால் 40,000. 2018 ஜனவரியில் இரண்டு கருவிகளுக்கு 80,000, 2019 ஜூனில் நான்கு கருவிகளுக்கு 1,60,000. மொத்தம் 2,40,000 ரூபாய். 2022 செப்டம்பரில் ரீஃபண்ட் கேட்கப் போகிறார்கள்.

படி 1: எந்தக் காரணத்தால் வரி செல்லாது?

இதை ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வரி விதித்த சட்டமோ அறிவிக்கையோ செல்லாது என்பது ஒன்று. சட்டம் சரி, அதைத் தவறாகப் புரிந்துகொண்டு கட்டிவிட்டோம் என்பது இன்னொன்று. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்ன மஃபத்லால் தீர்ப்பு இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. சட்டத்தைத் தவறாகப் பொருத்தியதால் வந்த வசூல் என்றால், அந்தச் சட்டத்தில் இருக்கும் ரீஃபண்ட் வழியில்தான் போக வேண்டும். சட்டப்பிரிவே அரசியலமைப்புக்கு முரண் என்றால் வழக்கோ ரிட் மனுவோ போடலாம். ஆனால் எந்த வழியில் போனாலும், வரிச்சுமையை வேறொருவர் தலையில் ஏற்றவில்லை என்று கேட்பவர்தான் காட்ட வேண்டும்.

நம் மருத்துவமனைக்குக் காரணம் தெளிவு: சி.ஐ.எஃப். இறக்குமதி, மோஹித் மினரல்ஸ். எஃப்.ஓ.பி. முறையில் வாங்கி, கப்பல் கட்டணத்தைத் தானே தனியாகக் கொடுத்தவர் இந்தத் தீர்ப்பு தனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 2: தேதி

மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 54இன்படி, இதுபோன்ற தொகைக்கு வரி கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு. கோவிட் காலத்துக்காக 2020 மார்ச் 1 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று 2022 ஜூலையில் அறிவிக்கை வந்தது. ஆகவே 2019 ஜூனில் கட்டிய 1,60,000க்கு கெடு 2023 ஜூன் வரை நீள்கிறது. பிரச்சினை இல்லை. 2018 ஜனவரியில் கட்டிய 80,000க்கு கெடு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அந்தக் கோவிட் காலம் தொடங்கும் முன்பே முடிந்ததால் அறிவிக்கையும் கைகொடுக்காது.

அந்த 80,000ஐ விட்டுவிடுவதா? வேண்டாம், கேட்கலாம். அதிகாரமின்றி வாங்கியது 'வரி'யே அல்ல, ஆகவே பிரிவு 54இன் கெடு அதற்குப் பொருந்தாது என்று இதே கப்பல் கட்டண விஷயத்தில் காம்சால் எனர்ஜி வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்ப்பக்கத்துக்கும் ஆயுதம் உண்டு. இன்னொருவர் ஜெயித்த தீர்ப்பைப் பார்த்துத்தான் தவறு தெரியவந்தது என்று சொல்லிக் கெடுவை நீட்டிக்க முடியாது என்பதும் மஃபத்லால் சொன்னதுதான். அதிகாரி பெரும்பாலும் சட்டத்தில் எழுதியிருக்கும் கெடுவைத் தாண்ட மாட்டார். அந்தப் பகுதிக்கு உயர் நீதிமன்றம் வரை போக நேரும் என்று தெரிந்துகொண்டே கேளுங்கள். என் யோசனை, இரண்டு தொகைகளையும் மனுவில் தனித்தனி அட்டவணையாகக் காட்டுவது. பழையதற்கு வரும் ஆட்சேபம் புதியதையும் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கும்.

படி 3: சுமையைச் சுமந்தது யார்?

முதலில் உள்ளீட்டு வரி வரவு எடுத்தீர்களா என்று பாருங்கள். எடுத்திருந்தால் அந்தப் பணம் ஏற்கெனவே உங்களுக்கு வந்தாயிற்று, ரீஃபண்ட் பேச்சுக்கே இடமில்லை. நம் மருத்துவமனை எடுக்கவில்லை. அதைக் காட்ட அந்த மாதங்களுக்குத் தாக்கல் செய்த GSTR-3B ரிட்டர்ன் போதும்.

அடுத்தது பிரிவு 49(9). வரி கட்டிய ஒவ்வொருவரும் அந்தச் சுமை முழுவதையும் வாங்கியவர்மேல் ஏற்றிவிட்டார் என்றே கருதப்படும், இல்லை என்று நிரூபிக்கும் வரை. அதாவது ஆட்டம் தொடங்கும்போதே நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள்.

"கருவி எங்களிடமே இருக்கிறது, யாருக்கும் விற்கவில்லையே" என்று மருத்துவமனை சொல்லலாம். அது போதாது. சோலார் பெஸ்டிசைட்ஸ் வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், இறக்குமதி செய்த பொருளைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டாலும் அதன் வரி அடுத்த பொருளின் விலைக்குள் மறைமுகமாகப் போகலாம், ஆகவே இந்தக் கேள்வி அங்கும் எழும் என்றது. ஸ்கேன் கட்டணத்துக்குள் போயிருக்கலாமே என்று அதிகாரி கேட்பார்.

"கட்டணத்தை உயர்த்தவே இல்லை" என்பது இரண்டாவது பதில். இதுவும் தனியாக நிற்காது. விலை மாறாமல் இருக்கப் பல காரணங்கள் இருக்கலாம், அதை மட்டும் வைத்துச் சுமையை ஏற்றவில்லை என்று சொல்ல முடியாது என்பது அலைடு ஃபோட்டோகிராஃபிக்ஸ் வழக்கிலிருந்து பழகிப்போன பதில்.

அப்படியானால் எது நிற்கும்? விலையை உங்களால் மாற்றவே முடியாத நிலை இருந்தது என்று காட்டும் தாள். அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜ் விலை, காப்பீட்டு நிறுவனத்துடன் கருவி வருவதற்கு முன்பே போட்ட கட்டண ஒப்பந்தம், இவை இரண்டும் கையில் இருந்தால் வலுவான வாதம் இருக்கிறது. இப்படி விலை கட்டப்பட்ட வருமானம் எத்தனை சதவீதம் என்று பிரித்துக் காட்டுங்கள். கையிலிருந்து பணம் கட்டிய நோயாளிகளின் பகுதியில் வாதம் பலவீனம்தான், அதை மறைத்தால் மற்றதன் மேலும் சந்தேகம் வரும்.

படி 4: கணக்குப் புத்தகம்

அதிகாரி முதலில் திறப்பது இதைத்தான். கட்டிய 2,40,000 எங்கே நிற்கிறது? 'வர வேண்டிய ரீஃபண்ட்' என்று சொத்துப் பக்கத்தில் நின்றால் நல்லது. லாப நட்டக் கணக்கில் செலவாக எழுதியிருந்தால், செலவு விலைக்குள் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்வார். கருவியின் விலையோடு சேர்த்து அதன்மேல் தேய்மானமும் எடுத்திருந்தால் அதே கதை, கொஞ்சம் சுற்றி வரும்.

நடைமுறையில் 2018இல் யாரும் இதை 'வர வேண்டியது' என்று எழுதியிருக்க மாட்டார்கள். அதற்காக இப்போது பழைய கணக்கில் கை வைக்காதீர்கள். தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்பு ஏற்கெனவே தாக்கலாகியிருக்கும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இருப்பதை இருக்கிறபடி சொல்லி, பணம் வந்தால் கருவியின் விலையிலிருந்து கழிப்போம் என்று எழுதிக் கொடுங்கள். படி 3இல் சொன்ன கட்டண ஒப்பந்தங்களின் மேல்தான் அப்போது முழுப் பாரமும் இறங்கும்.

படி 5: மனு

ஜி.எஸ்.டி. தளத்தில் RFD-01 படிவம். காரணத்தில் "Any other (specify)" என்பதைத் தேர்ந்து, படி 1இல் எழுதிய வாக்கியத்தை அப்படியே போடுங்கள். இறக்குமதியின்போது சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரி, ரிவர்ஸ் சார்ஜ் வரி ரொக்க லெட்ஜரிலிருந்து போனதற்கான பதிவு, GSTR-3B, ஒப்பந்தங்கள் எல்லாம் இணைப்பு.

தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டாவிட்டால், சுமையை ஏற்றவில்லை என்ற உங்கள் உறுதிமொழியே போதும். தாண்டினால் பட்டயக் கணக்காளரோ செலவுக் கணக்காளரோ தரும் சான்றிதழ் வேண்டும். நம் மனு 2,40,000 என்பதால் சான்றிதழ் கட்டாயம். இதைத் தவிர்க்க மனுவை இரண்டாக வெட்டுகிறவர்கள் உண்டு. தாள் ஒன்று குறையும், நிரூபிக்கும் பொறுப்பு குறையாது.

சான்றிதழில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். "மேற்படி வரிச்சுமை வேறு எவருக்கும் மாற்றப்படவில்லை எனச் சான்றளிக்கிறேன்" என்று ஒற்றை வரி, கீழே முத்திரை. இதை வைத்து எந்த அதிகாரியும் முடிவெடுக்க மாட்டார். இப்படி இருக்கட்டும்: "2018 ஜனவரி, 2019 ஜூன் மாதங்களில் கட்டிய தொகைகளை லெட்ஜரில் சரிபார்த்தேன். அவை கருவிகளின் விலையில் சேர்க்கப்பட்டுள்ளன. உள்ளீட்டு வரி வரவு எடுக்கப்படவில்லை. இந்தக் கருவிகளால் வந்த வருமானத்தில் இத்தனை சதவீதம், கருவி வரும் முன்பே தேதியிட்ட ஒப்பந்த விலையில் வந்தது. அந்த விலைகள் பிறகு மாறவில்லை." எதைப் பார்த்தார், என்ன கண்டார் என்று சொல்லும் சான்றிதழுக்குத்தான் மதிப்பு.

படி 6: மனு போட்ட பிறகு

15 நாளில் RFD-02 வந்தால் மனு ஏற்கப்பட்டது. RFD-03 வந்தால் குறை இருக்கிறது, சரிசெய்து புதிதாகப் போட வேண்டும். மறுக்க நினைத்தால் RFD-08இல் காரணம் கேட்பார்கள், RFD-09இல் 15 நாளுக்குள் பதில். நேரில் விளக்க வாய்ப்பும் கேளுங்கள். முழுமையான மனு சேர்ந்த 60 நாளில் RFD-06 உத்தரவு வர வேண்டும். தாண்டினால் ஆண்டுக்கு 6% வரை வட்டி உண்டு.

அந்த உத்தரவைக் கடைசி வரி வரை படியுங்கள். 'ரீஃபண்ட் அனுமதிக்கப்படுகிறது' என்று ஆரம்பித்து, 'தொகை நுகர்வோர் நல நிதிக்கு வரவு வைக்கப்படுகிறது' என்று முடியலாம். வரி செல்லாது என்பதை ஒப்புக்கொண்டு, சுமையை ஏற்றிவிட்டீர்கள் என்று முடிவு செய்தால் பணம் போகும் இடம் அதுதான். அனுமதி என்ற சொல்லைப் பார்த்து சும்மா இருந்துவிடாதீர்கள். அதுவும் உங்களுக்கு எதிரான உத்தரவே. பிரிவு 107இன் கீழ் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம் இருக்கிறது, APL-01 படிவத்தில்.