படம் எடுத்த வங்கிக் கூற்றை அரபுக்கு மாற்றும்போது இலக்கங்கள் பிறழாமல் பார்ப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் இருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களின் கோப்பில் வங்கிக் கூற்றும் ஒன்று. சில இடங்களில் அதை அரபு மொழிபெயர்ப்போடு கேட்பார்கள். வேலை லேசானது போலத் தெரியும், ஏனென்றால் கூற்றில் சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வருபவையும் அதேதான். பிழை வருவது இலக்கங்களில். வலமிருந்து இடமாக எழுதும் பக்கத்துக்குள் இடமிருந்து வலமாக வாசிக்கும் இலக்கத்தை வைக்கும் இடத்தில்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

தொடங்க முன்னர், கூற்றைக் கேட்ட இடத்தில் யாருடைய முத்திரை வேண்டும் என்று விசாரியுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் சட்டத் தேவைக்கு அங்குள்ள நீதி அமைச்சின் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரே செய்ய வேண்டும். இங்கே என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் கையொப்பமிடுவார். நாங்கள் தயாரிப்பது அவர் பார்த்து ஒப்பிடுவதற்கான வரைவுதான்.

1. படம்

வங்கிக் கிளையில் புதிதாக அச்சிட்டு வாங்க முடிந்தால் அதுவே நல்லது. படம்தான் இருக்கிறது என்றால், தாளை மேசையில் தட்டையாக வைத்து, பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், 3 உம் 8 உம் ஒன்றுபோலத் தெரியும். ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. முன்பின் தெரியாத மாற்றித்தரும் தளங்களில் ஏற்ற வேண்டாம், அடுத்தவருடைய கணக்கு அது.

2. முதலில் விரிதாளில் தட்டுங்கள்

நேரே அரபு ஆவணத்துக்குப் போகாதீர்கள். திகதி, விபரம், பற்று, வரவு, மீதி என்று ஐந்து நிரல்களோடு எக்செலில் உள்ளபடியே ஏற்றுங்கள். கணக்கிலக்கம் வரும் கட்டத்தை முதலிலேயே Text என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூச்சியங்களை எக்செல் தின்றுவிடும்.

இப்போது கூற்றே தரும் சோதனையைப் பயன்படுத்தலாம். முந்தைய மீதியில் பற்றைக் கழித்து வரவைக் கூட்டினால் இந்த நிரையின் மீதி வர வேண்டும். C பற்று, D வரவு, E மீதி என்றால், மூன்றாம் நிரையில் இப்படி:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

கீழே வரை இழுத்துவிடுங்கள். எல்லாம் 0 ஆக வர வேண்டும். ஒரு கற்பனைக் கூற்றைப் பார்ப்போம்:

```
Date        Description         Debit      Credit     Balance
01/02/2025  B/F                                       184,250.75
03/02/2025  CEFTS TRF IN                   90,000.00  274,250.75
05/02/2025  ATM CASH WDL        20,000.00             254,250.75
10/02/2025  SO 00318 RENT       38,500.00             215,750.75
```

வாடகையை 33,500 என்று வாசித்துவிட்டால் கடைசி நிரையில் 5,000 என்று காட்டும். தொகை பிழைத்தால் வித்தியாசம் ஒரு நிரையில் மட்டும் வரும். மீதியைப் பிழையாகத் தட்டினால் அடுத்தடுத்த இரண்டு நிரைகளில் அதே தொகை கூட்டலாகவும் கழித்தலாகவும் வரும். படத்தின் ஓரத்தில் ஒரு நிரையே விடுபட்டுப் போனால், அந்தக் கொடுக்கல் வாங்கலின் முழுத் தொகை அடுத்த நிரையில் தெரியும். வித்தியாசம் 9 ஆல் மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

பற்று எது, வரவு எது என்பதையும் இந்தக் கணக்கே சொல்லும். பாடசாலைக் கணக்கியலில் படித்த 'வரவு வை' என்பதை இங்கே இழுக்க வேண்டாம். மீதியைக் குறைக்கும் நிரல் مدين, கூட்டும் நிரல் دائن, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. கணக்கிலக்கம், திகதி, உசாத்துணை இலக்கம் ஆகியவற்றை இந்தச் சோதனை பிடிக்காது. அவற்றை ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

3. அரபு அட்டவணை

வேர்டில் வலமிருந்து இடமாக அமையும் அட்டவணை ஒன்றை உருவாக்குங்கள். நிரல்களைக் கையால் இடம் மாற்ற வேண்டாம். அட்டவணையின் திசையை மாற்றினால் திகதி தானாகவே வலது ஓரத்துக்கு வந்துவிடும். தலைப்புகள் இவை:

```
كشف حساب
رقم الحساب
التاريخ
البيان
مدين
دائن
الرصيد
```

இலக்கங்களை 0 முதல் 9 வரையான வழக்கமான வடிவிலேயே விடுங்கள். ٥ என்பது அரபில் ஐந்து, எங்கள் கண்ணுக்கு அது பூச்சியம். ٦ என்பது ஆறு, அது ஏழு போலத் தெரியும். ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இது வீண் தலைவலி. நீங்கள் சரியாகத் தட்டியும் வேர்ட் தானாக வடிவத்தை மாற்றிக் காட்டினால், File > Options > Advanced பகுதியில் Numeral என்பதை Arabic என்று வையுங்கள். அங்கே Hindi என்று இருப்பதுதான் ٥, ٦ வடிவம்.

4. கணக்கிலக்கம் திரும்பிவிடும் இடம்

புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அரபுச் சொல்லுக்குப் பின்னால் இடைக்கோட்டுடன் ஓர் இலக்கம் தட்டினால், ஒவ்வொரு துண்டும் சரியாக இருக்கும், துண்டுகளின் வரிசை மட்டும் திரும்பிவிடும்.

```
தட்டியது:       0071-2204-518
திரையில் தெரிவது: 518-2204-0071
```

காரணம், அரபு எழுத்துக்குப் பின் வரும் இடைக்கோட்டை இலக்கத்தின் பகுதியாகக் கணினி எடுப்பதில்லை. அதனால் துண்டுகள் தனித்தனியாக வலமிருந்து அடுக்கப்படுகின்றன. இடைவெளி விட்டு எழுதிய இலக்கங்களுக்கும் இதே கதி. சாய்கோடு போட்ட திகதியும், காற்புள்ளியும் தசமப் புள்ளியும் உள்ள தொகையும் பொதுவாகத் தப்பிவிடும். கழித்தல் குறி மட்டும் மறுபக்கம் தாவக்கூடும்.

இலக்கம் தனிக் கட்டத்தில் இருந்தால், அந்தக் கட்டத்தின் பத்தித் திசையை இடமிருந்து வலமாக மாற்றினால் போதும். வசனத்துக்குள் இருந்தால், இலக்கத்துக்கு முன்பும் பின்பும் கண்ணுக்குத் தெரியாத திசைக்குறி ஒன்று போட வேண்டும். ஓர் இடைவெளி விட்டு, கீழே உள்ள குறியீட்டைத் தட்டி, உடனே Alt+X அழுத்துங்கள். அந்த எழுத்துகள் மறைந்து குறி விழுந்துவிடும்.

```
200E
```

பின்பக்கக் குறியை இலக்கத்தோடு ஒட்டித் தட்ட வேண்டாம். 200E யோடு இலக்கத்தையும் சேர்த்து ஒரே குறியீடாக வேர்ட் எடுத்துவிடலாம். இடைவெளி விட்டுப் போட்டு, பிறகு இடைவெளியை அழித்துவிடுங்கள். தெரிகிற வரிசை பிழை என்பதற்காக இலக்கத்தைத் தலைகீழாகத் தட்டிச் சரிக்கட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்தக் கோப்பை வேறொரு செயலியில் திறந்தாலோ, இலக்கத்தைப் பிரதி எடுத்து ஒட்டினாலோ எல்லாம் குழம்பிவிடும்.

5. விபர நிரல்

மூலத்தில் உள்ள வரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்து, அதே கட்டத்தில் கீழே அரபு விளக்கத்தை எழுதுங்கள். முழுக்க அரபாக்கினால் எந்தக் கொடுக்கல் வாங்கல் என்று வங்கியில் தேடிப் பிடிக்க முடியாது.

```
CEFTS TRF IN
تحويل إلكتروني وارد

ATM CASH WDL
سحب نقدي من الصراف الآلي

SO 00318 RENT
أمر دفع دائم - إيجار
```

CEFTS என்பது இலங்கையில் வங்கிகளுக்கிடையே உடனுக்குடன் பணம் அனுப்பும் முறை. அங்குள்ளவருக்கு அந்தப் பெயர் தெரியாது, 'இலத்திரனியல் பணமாற்றம்' என்ற விளக்கம் போதும். பொருள் தெரியாத சுருக்கத்தை ஊகித்து விரிக்காதீர்கள், மூலத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பெயர்களைக் கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்திலும் சேர்த்து எழுதுங்கள். தொகைகள் இலங்கை ரூபாயிலேயே இருக்கட்டும், றியாலுக்கு மாற்றுவது எங்கள் வேலை அல்ல.

முத்திரை இருந்தால் [ختم البنك] என்றும், வாசிக்க முடியாத இடத்தில் [غير مقروء] என்றும் சதுர அடைப்புக்குள் போடுங்கள். மீதியில் ஓர் இலக்கம் மங்கியிருந்தால் கணக்குப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியும்தான். ஆனாலும் அப்படி நிரப்பாமல், தெளிவான படம் கேளுங்கள்.

6. கடைசிப் பார்வை

பிடிஎஃப் ஆக்கிய பிறகு, அந்தக் கோப்பையே அச்சிட்டு மூலத்தோடு ஒப்பிடுங்கள். வேர்டில் சரியாக இருந்தது பிடிஎஃபில் மாறலாம். முதலில் கணக்கிலக்கம், அடுத்து ஆரம்ப மீதியும் இறுதி மீதியும், அப்புறம் ஒவ்வொரு நிரை. மூலத்திலும் மொழிபெயர்ப்பிலும் நிரைகளின் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள். அது முடிந்தால் கோப்பையும் மூலப் படத்தையும் சேர்த்தே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கலாம்.