மொத்தச் சந்தையில் முதல் சுற்றில் எதையும் வாங்காமல் நடங்கள்

சில்லறையில் விற்கச் சரக்கு எடுக்கப் போகும்போது, மொத்த விற்பனைச் சந்தையில் முதல் சுற்றில் எதையும் வாங்காமல், ஒவ்வொரு பொருளுக்கும் பெட்டி விலையை அல்ல, நீங்கள் உண்மையில் எடுக்கக்கூடிய குறைந்தபட்ச அளவின் விலையைக் கேட்டு, அதன் எடையையும் உடையும் தன்மையையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் படும் விலை வித்தியாசம் முழுவதும் லாபம் ஆகிவிடுவதில்லை. சில்லறையில் 100க்கு விற்கும் கண்ணாடி ஜாடி, டஜனாக எடுத்தால் ஒன்று 50 என்று வைத்துக்கொள்வோம். 12 ஜாடிகளுக்கு 600, வண்டிக்கூலியும் பொதிவும் 120, வழியில் ஒன்று உடைந்தால் விற்பவை 11, ஆகவே மிஞ்சுவது 380. அதே 100க்கு விற்கும் கரண்டி செட் 60க்குக் கிடைத்தாலும், கூலி 24 போக, 12இல் 456 மிஞ்சும். முதலில் கவர்ச்சியாகத் தெரிவது பெரும்பாலும் ஜாடிதான்.

சில்லறை விலையைச் சந்தைக்காரரிடம் கேட்காமல், நீங்கள் விற்கப்போகும் பகுதியின் இரண்டு மூன்று கடைகளில் முன்னதாகவே பார்த்து வைப்பது நல்லது. விற்பவர் சொல்லும் சில்லறை விலை சற்று உயர்வாக இருக்கலாம்.

நாளுக்கு நாள் விலை மாறும் காய்கனிகளுக்கும், உறையிலேயே விலை அச்சிடப்பட்டு லாப விளிம்பு முன்பே முடிவாகிவிட்ட பிராண்டு பொருள்களுக்கும் இந்தக் கணக்கு உதவாது.