500 இருக்கை அரங்கத்துக்குக் கரியமில வாயு சென்சார் வைத்து வெளிக்காற்றைக் கட்டுப்படுத்துவது எப்படி?

அரங்கத்தின் ஏசி, 500 பேர் உட்கார்ந்தாலும் 60 பேர் உட்கார்ந்தாலும் ஒரே அளவு வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். அந்தக் காற்றைக் குளிரவைத்து ஈரத்தைப் பிழிவதற்குத்தான் மின்சாரம் பெருமளவு போகிறது. ஆட்கள் விடும் மூச்சிலிருக்கும் கரியமில வாயுவை அளந்து, கூட்டத்துக்கு ஏற்ப வெளிக்காற்று டேம்பரை, அதாவது காற்று வரும் வழியிலுள்ள தடுப்பை, திறந்து மூடுவது இதற்கான வழி. பெரும்பாலான இடங்களில் கோளாறு சென்சாரில் இருப்பதில்லை. பத்து லட்சத்தில் 1000 பங்கு என்று பொருள்படும், எங்கோ பார்த்த 1000 பிபிஎம் என்ற எண்ணைக் கணக்குப் போடாமல் டேம்பரை இயக்கும் வரம்பாக, அதாவது செட்பாயிண்டாக, வைத்துவிடுவதுதான் சிக்கல். எனவே கணக்கிலிருந்து தொடங்குவோம்.

படி 1: எவ்வளவு காற்று வேண்டும்?

நம் அரங்கம் 600 சதுர மீட்டர், 500 இருக்கைகள். ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தின் 62.1 தரநிலைப்படி பார்வையாளர் பகுதியில் ஆளுக்கு நொடிக்கு 2.5 லிட்டர், கூடவே தரைப்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர். ஆட்களுக்கு 1250, பரப்புக்கு 180, ஆக மொத்தம் நொடிக்கு 1430 லிட்டர். இந்த 180 என்பது கம்பளம், இருக்கைத் துணி, பெயிண்ட் ஆகியவற்றிலிருந்து வரும் வாடைக்கானது. கூட்டம் எவ்வளவு குறைந்தாலும், ஆள் இருக்கும்வரை இதற்குக் கீழே போகக் கூடாது. அரங்கத்திலிருந்து காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால், குறைந்தபட்ச வெளிக்காற்று அது தள்ளும் அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவிடுக்கு வழியாக வெளியிலிருந்து வெப்பக் காற்று உள்ளே வரும்.

உங்கள் ஊர் விதி இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 2: செட்பாயிண்டைக் கணக்கிடுங்கள்

அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நொடிக்குச் சுமார் 0.0043 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். 500 பேருக்கு 2.15 லிட்டர். வெளிக்காற்றில் 420 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம்.

```
V = N * G / ((Cin - Cout) * 0.000001)
```

இதில் V வெளிக்காற்று (லிட்டர்/நொடி), N ஆட்கள், G ஒருவர் விடும் அளவு. Cin உள்ளே இருக்கும் பிபிஎம், Cout வெளியே இருக்கும் பிபிஎம்.

தரநிலை கேட்கும் 1430 லிட்டர் மட்டும் கொடுத்தால், அரங்கம் நிரம்பி நேரம் போகப்போக அளவு சுமார் 1920 பிபிஎம்மில் போய் நிற்கும். கணக்குப்படி தவறில்லை, ஆனால் உள்ளே நுழைபவருக்கு மூச்சடைப்பதுபோல் இருக்கும். கூலிங் காயில் தாங்குமானால் கூடுதலாகக் கொடுப்பதே நல்லது. நம் அரங்கத்தில் காயில் 2500 லிட்டர் வரை தாங்கும் என்று கொள்வோம். அப்போது நிறைந்த கூட்டத்தில் அளவு சுமார் 1280 பிபிஎம்மில் நிற்கும். டேம்பர் முழுதாகத் திறக்கும் மேல் செட்பாயிண்ட் 1250 என்றும், டேம்பர் திறக்கத் தொடங்கும் கீழ் செட்பாயிண்ட் 500 என்றும் வைக்கிறோம்.

இப்போது 1000 என்று வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். 500 பேருக்கு அந்த அளவில் நிறுத்த நொடிக்கு 3700 லிட்டர் வேண்டும். காயிலால் அது முடியாது. டேம்பருக்கு மேல் எல்லை வைக்காவிட்டால் ஈரக்காற்று நிறைய நுழையும். குளிர் குறையும், இருக்கைகளில் பிசுபிசுப்பு வரும். உடனே யாராவது ஆட்டோ முறையை அணைத்து டேம்பரைக் கையால் பாதி மூடிவிடுவார்கள். அத்தோடு மொத்த ஏற்பாடும் பாழ்.

படி 3: சென்சாரை எங்கே மாட்டுவது?

இதிலும் நிறையத் தவறு நடக்கிறது. உட்கார்ந்திருப்பவர் மூச்சுவிடும் காற்றைத்தான் அளக்க வேண்டும். சென்சார் மாட்டும் சுவரருகே உள்ள தரையிலிருந்து 1 முதல் 1.8 மீட்டருக்குள் மாட்டுங்கள். சாய்தள அரங்கில் "தரை" என்பது அந்த வரிசையின் தரை. மேடைத் தரையிலிருந்து அளந்து மாட்டினால் பின்வரிசைக்கான சென்சார் காலடியில் போய் நிற்கும்.

இந்த அரங்கத்துக்கு 3 போதும்: நடுவரிசைக்கு இணையாக இடது, வலது பக்கச் சுவர்களில் ஒவ்வொன்று, பால்கனியில் ஒன்று. ஆட்களின் உடல் சூட்டோடு மூச்சுக்காற்றும் மேலெழுவதால் பால்கனியில் அளவு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அதை விட்டுவிடாதீர்கள். மூன்றின் சராசரியை எடுக்காமல், எது அதிகமோ அதையே எடுங்கள். சராசரி எடுத்தால் பால்கனியில் இருப்பவர்களின் கஷ்டம் கீழே இருக்கும் காலி இருக்கைகளில் மறைந்துபோகும்.

கதவருகே, ஏசியிலிருந்து வரும் சப்ளை காற்று நேராக அடிக்கும் இடத்தில், ஒருவர் முகத்துக்கு எதிரே மாட்டக் கூடாது. அரங்கக் காற்று ஏசிக்குத் திரும்பும் ரிட்டர்ன் டக்ட்டில் ஒன்று மட்டும் மாட்டினால் வேலை சுலபம்தான். ஆனால் சப்ளையும் ரிட்டர்னும் இரண்டும் கூரையில் இருந்தால், புதுக்காற்றில் ஒரு பகுதி கீழே இறங்காமலே திரும்பி ஓடும். சென்சார் 800 காட்டும்போது இருக்கையில் 1100 இருக்கலாம்.

பலர் கவனிக்காத இன்னொன்று: சென்சார் பெட்டிக்குப் பின்னால் வயர் வரும் குழாய். சுவருக்குள் இருக்கும் காற்று அந்தக் குழாய் வழியாகச் சென்சாருக்குள் கசியும். குழாய் வாயைச் சிலிக்கான் சீலன்ட்டால் அடையுங்கள்.

படி 4: கன்ட்ரோலரில் எழுதுவது

0–10 வோல்ட் வெளியீடும் 0–2000 பிபிஎம் அளவெல்லையும் கொண்ட சென்சார் என்றால் 500 பிபிஎம்முக்கு 2.5 வோல்ட், 1250-க்கு 6.25 வோல்ட். கன்ட்ரோலரிலும் அதே 0–2000 எல்லை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே 0–5000 என்றிருந்தால் 1000 பிபிஎம் காற்றை 2500 என்று படிக்கும். கீழே S1, S2, S3 மூன்று சென்சார்களின் பிபிஎம், V விட வேண்டிய வெளிக்காற்று.

```
C = max(S1, S2, S3)
X = limit((C - 500) / 750, 0, 1)
V = 180 + X * 2320
if min(S1, S2, S3) < 300: V = 2500
```

கடைசி வரி மிக முக்கியம். வயர் அறுந்தால் சிக்னல் 0 வோல்ட். கன்ட்ரோலர் அதை "மிகச் சுத்தமான காற்று" என்று புரிந்துகொள்ளும். மூன்று வயரும் அறுந்தால் நிறைந்த அரங்கத்தில் டேம்பரை மூடிவிடும். வெளிக்காற்றே 400-க்கு மேல் இருக்கும்போது 300-க்குக் கீழான எந்த அளவும் பழுதுதான். பழுதானால் டேம்பர் திறக்க வேண்டும்.

250 பேர் வந்தால் இந்தக் கணக்குப்படி அளவு சுமார் 1020 பிபிஎம்மில் நிற்கும், காற்று 1790 லிட்டர். 100 பேர் என்றால் 800 பிபிஎம், 1120 லிட்டர். இரண்டுமே தரநிலை கேட்பதைவிடக் கூடுதல். 2500-ஐ விடக் குறைவு.

டேம்பரின் திறப்பு சதவீதமும் காற்றின் அளவும் ஒன்றல்ல. 30% திறந்தாலே பாதிக்கு மேல் காற்று வரக்கூடும். ஏர்ஃப்ளோ மீட்டர் வைத்து 180, 2500 ஆகிய இரண்டு அளவுகளுக்கும் டேம்பர் நிலையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 2500-க்கான பெரிய டேம்பரால் 180 லிட்டரை நிதானமாக விட முடியாது. பக்கத்தில் ஒரு சிறு டேம்பரைத் தனியாக வைப்பது சரியான தீர்வு.

படி 5: சோதனை

ஆளில்லாத அரங்கத்தில் முழு வெளிக்காற்றில் ஏசியை 3 மணி நேரம் ஓட்டுங்கள். மூன்று சென்சாரும் வெளிக்காற்றின் அளவை ஒட்டி நிற்க வேண்டும். 75 பிபிஎம்முக்கு மேல் விலகினால் அதைக் காலிபரேட் செய்யுங்கள்.

பிறகு கூட்டம் நிறைந்த ஒரு நிகழ்ச்சியில் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை பதிவு எடுங்கள். கூரை உயரம் 7 மீட்டர் என்றால் உள்ளே 4200 கன மீட்டர் காற்று இருக்கிறது. 500 பேர் உட்கார்ந்ததும் அளவு தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 30 பிபிஎம் ஏறும். இந்த மெதுவான ஏற்றத்தால் கன்ட்ரோலர் அவசரப்படத் தேவையில்லை. டேம்பர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திறந்து மூடிக்கொண்டிருந்தால் 5 நிமிட சராசரியைக் கொடுங்கள். ஒரு சென்சார் மட்டும் ஏறாமல் தட்டையாக நின்றால், அது சப்ளை காற்றில் நிற்கிறது அல்லது சுவர்க்காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள்.

மேடையில் உலர்பனி புகை விடும் நாளில் பக்கச் சுவர்ச் சென்சார்களின் அளவு திடீரென எகிறலாம். அதைச் சென்சார் கோளாறு என்று நினைத்து ஆட்டோ முறையை அணைத்துவிடாதீர்கள். உலர்பனி உறைந்த கரியமில வாயுவேதான். குளிர்ந்து கனமாக இருப்பதால் மேடையிலிருந்து வழிந்து முன்வரிசையின் காலடியில் தேங்கும். டேம்பர் முழுதாகத் திறப்பது அங்கே சரியான செயல்.