பின்னூட்டங்களிலிருந்து அடுத்த பதிவை எடுக்கும்போது நேரும் தவறுகள்

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றி வாரம் ஒரு காணொளி வெளியிடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் அவருக்கு நாற்பது கேள்விகள் வருகின்றன. அவற்றில் பதினான்கு, இலை மஞ்சளாவது பற்றியவை. அவர் தம் குறிப்பேட்டில் "மஞ்சள் இலை – 14" என்று எழுதிவைத்து, "இலை மஞ்சளாவதற்குப் பத்துக் காரணங்கள்" என்று ஒரு காணொளியை வெளியிடுகிறார். பலரும் பார்க்கிறார்கள்; ஆனால் அடுத்த மாதமும் அதே கேள்வி, ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் வருகிறது.

தவறு குறிப்பேட்டிலேயே நேர்ந்துவிட்டது. கேட்டவரின் சொற்களை நீக்கிவிட்டுத் தம்முடைய தலைப்பை அந்த இடத்தில் வைத்ததால், வேறுவேறான கேள்விகள் ஒன்றாகக் கலந்துபோயின. ஒருவர் "தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனாலும் அடி இலைகள் மஞ்சளாகின்றன" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "புதுத் தளிர் மட்டும் வெளிறுகிறது, நரம்புகள் பச்சையாகவே இருக்கின்றன" என்றார். மூன்றாமவர் செடியை வாங்கி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்பதைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தார். முதலாவதில் பெரும்பாலும் ஈரம் வடியாத மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்கவில்லை. இரண்டாவது, இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாதபோது தோன்றும் அறிகுறி. மூன்றாவதில் செடி புதிய வெளிச்சத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறது. பத்துக் காரணங்களையும் வரிசையாகக் கேட்ட பிறகும், இவர்களில் ஒருவருக்கும் தம் செடிக்கு உரியது எது என்று தெரிந்திருக்காது.

ஆகவே குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வேண்டும்: கேட்டவர் எழுதியபடியே அவருடைய வாக்கியம், எந்தக் காணொளியின் எந்த இடத்தில் கேட்டார் என்பது, ஏற்கெனவே என்ன செய்து பார்த்தார் என்பது, கடைசியாக அவருக்கு என்ன நடக்க வேண்டும் என்பது. என் அனுபவத்தில் மூன்றாம் பத்திதான் மிகுந்த பயன் தருவது. பெரும்பாலும் காலியாகக் கிடப்பதும் அதுவே. அது காலியாக இருந்தால், பதில் எழுதுவதற்கு முன் "இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்டுவிட வேண்டும். நம் செடிக்காரர் இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, பதினான்கில் ஒன்பது பேர் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றியவர்கள் என்று தெரியவந்தது. அவர்கள் மஞ்சள் இலையைப் பற்றிக் கேட்டாலும், அவர்களுக்குத் தெரியாதிருந்தது எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதுதான். அவர்களுக்கு வேண்டியது, மண்ணில் விரலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நுழைத்து ஈரம் பார்ப்பதையும், தொட்டியைத் தூக்கி எடையை வைத்துக் கணிப்பதையும் காட்டும் ஐந்து நிமிடக் காணொளி மட்டுமே.

அடுத்தது எண்ணிக்கையை நம்பும் தவறு. இணையக் குழுமங்களில் மிகச் சிலரே பெரும்பாலானவற்றை எழுதுகிறார்கள் என்பதை, 2006இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 90-9-1 என்ற தோராய விதியாக எழுதினார்: தொண்ணூறு விழுக்காட்டினர் படிப்பதோடு நிற்பவர்கள், ஒன்பது விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுபவர்கள், மிச்சமுள்ள ஒரு விழுக்காட்டினரே பெரும்பகுதியை எழுதுபவர்கள். விகிதம் இடத்துக்கு இடம் மாறலாம். ஆனால் பின்னூட்டப் பகுதியை வாக்குப்பெட்டியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது போதும். பின்னூட்டங்களை எண்ணுவதற்குப் பதிலாக, எத்தனை தனித்தனி ஆட்கள் கேட்டார்கள் என்று எண்ண வேண்டும்; ஒருவரே ஐந்து காணொளிகளின் கீழ் ஒன்றைக் கேட்டிருந்தால் அது ஒன்றுதான். யூடியூப் ஸ்டூடியோவில் Contains questions என்ற வடிகட்டி இருக்கிறது, உதவியானதே. என்றாலும் கேள்விக்குறி இல்லாமல், புலம்பல் போல எழுதப்படும் கேள்விகள் அதற்குத் தப்பிவிடக்கூடும் என்பதால், வாரம் ஒரு முறையாவது முழுப் பட்டியலையும் கண்ணால் படித்துவிடுவது நல்லது. எழுதாமல் போகும் தொண்ணூறு பேரின் சொற்கள் வேறோர் இடத்தில் கிடைக்கின்றன: யூடியூப் தேடலில் எந்தச் சொற்களைத் தட்டி உங்கள் காணொளிக்கு வந்தார்கள் என்பதைப் பார்வையாளர் புள்ளிவிவரம் காட்டுகிறது.

"அடுத்து என்ன காணொளி வேண்டும்?" என்று வெளிப்படையாகக் கேட்பதும் பயன் தராது. அப்படிக் கேட்டால், மக்கள் சொல்லக் கேட்பதற்கு நன்றாக இருக்கும் ஒன்றைச் சொல்வார்கள். தங்களுக்குத் தடுக்கும் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். "கடைசியாக ஒரு செடி பட்டுப்போனபோது அதற்கு முந்தைய வாரம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில்கள் குறைவாக வரும். ஆனால் ஒவ்வொன்றிலும் நடந்த ஒரு செயல் இருக்கும்.

கேள்வியை எடுத்துப் பதிவாக்கிவிட்டுக் கேட்டவரை மறந்துவிடுவதை நான் சற்றுக் கடுமையாகவே குறை சொல்வேன். புதிய காணொளி வந்ததும், அந்த ஒன்பது பேரின் பழைய பின்னூட்டங்களுக்கும் தனித்தனியே சென்று, பதில் தொடங்கும் நிமிடத்தையும் குறிப்பிட்டு எழுத வேண்டும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை. இரண்டு வாரம் கழித்து "செடி இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், வரும் விடை உங்கள் ஆலோசனை சரியா என்பதற்கான ஒரே சோதனையாகவும் அமையும். ஒருவருடைய பின்னூட்டத்தைப் படமாக எடுத்துத் திரையில் காட்டுவதானால் அவரிடம் கேட்டுவிட்டுக் காட்டுங்கள், அல்லது பெயரை மறையுங்கள். தம் அறியாமை ஊரறியக் காட்டப்பட்டதைக் கண்டவர் மறுபடி கேட்க மாட்டார்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்பவர்கள்கூட ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள். வரும் எல்லாக் கேள்விகளுக்கும் தாமே, உடனே, முழுமையாகப் பதில் எழுதிவிடுகிறார்கள். ஆசிரியர் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடும் இடத்தில், விடை தெரிந்த மற்றொருவர் வாய் திறக்க இடமே இல்லை. பின்தொடர்பவர்கள் ஒவ்வொருவரும் உங்களோடு மட்டும் பேசிவிட்டுப் போகிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. சாதாரணக் கேள்வியை ஒரு நாள் விட்டுவைக்கலாம், அல்லது முன்பு அதே சிக்கலிலிருந்து மீண்ட ஒருவரை அழைத்து "இது உங்களுக்கு நேர்ந்ததல்லவா, நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கலாம். அவர் சொன்னது சரியென்றால் சரியென்று உறுதி செய்யுங்கள். அதையே உங்கள் சொற்களில் திரும்ப எழுத வேண்டியதில்லை. தவறென்றால் அவரைக் குத்தாமல் திருத்துங்கள். இதற்கு விலக்கு உண்டு: "பூனை லில்லிச் செடியைக் கடித்துவிட்டது" என்று ஒருவர் எழுதினால் காத்திருக்கக் கூடாது. லில்லி பூனைக்குக் கொடிய நஞ்சு என்பதால், உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லும்படி அக்கணமே எழுத வேண்டும்.

குழுமம் உருவாகிறதா என்பதைப் பின்தொடர்வோர் எண்ணிக்கை காட்டாது. மாதத்தில் எத்தனை கேள்விகளுக்கு உங்களைத் தவிர வேறொருவர் முதலில் பதில் எழுதினார் என்று எண்ணுங்கள். நாற்பதில் இரண்டோ மூன்றோ என்ற நிலையில் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவது அவசரம். முதல் வாரம் வணக்கங்கள் குவியும், மூன்றாம் வாரம் விளம்பரங்கள் மட்டும் மிஞ்சும். அதோடு, அத்தகைய குழுவில் ஒருவருடைய கைபேசி எண் பொதுவாக மற்ற உறுப்பினர்களின் பார்வைக்குப் போய்விடுகிறது என்பதைச் சேருமுன் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதுவரை பின்னூட்டப் பகுதியிலேயே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தலாம். செடிக்காரர் மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒரு பார்வையாளர் அனுமதியோடு அனுப்பிய நலிந்த செடியின் படத்தை வெளியிட்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், சன்னலிலிருந்து எவ்வளவு தூரம் என்ற இரண்டு விவரங்களை மட்டும் சேர்த்து, தம் கருத்தை ஞாயிறு மாலை வரை சொல்லாமல் வைத்திருந்தார். மூன்றாம் மாதத்தில், புதுத் தளிரின் பச்சை நரம்புகளைப் பார்த்து இரும்புச்சத்துக் குறைவு என்று முதலில் சொன்னவர், முன்பு அதே கேள்வியைக் கேட்டிருந்த அந்த இரண்டாமவர்தான்.